வாங்கி முடிப்பதற்குள் விலை ஏறிவிடும்: பேக்டெஸ்டில் ஸ்லிப்பேஜைக் கணக்கிடுவது எப்படி?

அமெரிக்காவில் வேல்யூ லைன் என்ற நிறுவனம் பங்குகளை 1 முதல் 5 வரை தரம் பிரித்து வாராவாரம் பட்டியல் வெளியிட்டு வந்தது. முதல் தரப் பங்குகளை மட்டும் வாங்கி, தரம் இறங்கியதும் விற்று வந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தவர்களுக்கு மலைப்பான விடை வந்தது. 1965 முதல் 1986 வரை, சந்தையைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல் லாபம். அதே நிறுவனம் அதே பட்டியலை வைத்து உண்மையான பணத்தில் ஒரு ஃபண்டும் நடத்தியது. அந்த ஃபண்ட் சந்தையை முந்தியது ஆண்டுக்கு 2.5 சதவீதம்தான். ஹார்வர்ட் பேராசிரியர் ஆந்த்ரே பெரோல்ட் 1988-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்குகிறது. காகிதத்தில் நினைத்த விலைக்கு, நினைத்த அளவு கிடைத்துவிடுகிறது. சந்தையில் அப்படிக் கிடைப்பதில்லை.

இன்று அந்தக் காகிதக் கணக்கை யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து போடலாம். என்எஸ்இ தினமும் வெளியிடும் பாவ்காப்பியைப் பத்து வருடத்துக்குத் திரட்டி, ‘இந்த விதிப்படி வாங்கி, இந்த விதிப்படி விற்றிருந்தால்’ என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதைத்தான் பேக்டெஸ்ட் என்கிறோம். அதில் புரோக்கரேஜ், எஸ்டிடி, முத்திரைக் கட்டணம் எல்லாவற்றையும் பைசா சுத்தமாகக் கழித்துவிடுகிறார்கள். அவை அச்சிட்ட விகிதங்கள் என்பதால் அதில் சிரமம் இல்லை. ஸ்லிப்பேஜ் என்று வரும்போதுதான் கை தடுமாறுகிறது. நாம் முடிவெடுத்த விலைக்கும், ஆர்டர் முழுவதும் நிறைவேறியபோது நமக்கு விழுந்த சராசரி விலைக்கும் உள்ள வித்தியாசமே ஸ்லிப்பேஜ். அதற்குப் பெரும்பாலானோர் ‘0.1 சதவீதம்’ என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரிலையன்ஸில் 500 பங்கு வாங்குபவருக்கும், ஒரு நாளைக்கு 2 கோடி ரூபாய்க்கு மட்டுமே கைமாறும் ஸ்மால்கேப்பில் 25,000 பங்கு வாங்குபவருக்கும் அதே 0.1 சதவீதம். ரிலையன்ஸ்காரருக்கு அது தாராளம். ஸ்மால்கேப்காரருக்கு அது முழுப் பொய்.

உண்மை விலை எங்கே நழுவுகிறது என்பதை மார்க்கெட் டெப்த்தில் கண்ணால் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு ஒரு ஸ்மால்கேப் பங்கை எடுத்துக்கொள்வோம். வாங்க நிற்பவர்களில் அதிக விலை கேட்பவர் 199.80-க்கு நிற்கிறார். விற்க நிற்பவர்களில் குறைந்த விலை சொல்பவர் 200.20. நடுவிலை 200. விற்பவர் பக்கத்தில் 200.20-க்கு 120 பங்கு, 200.40-க்கு 300, 200.75-க்கு 80, 201-க்கு 500 என்று வரிசை நிற்கிறது. நீங்கள் 1,000 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் நான்கு படியையும் துடைத்துவிட்டுத்தான் ஆர்டர் நிறைவேறும். கொடுத்த பணம் 2,00,704 ரூபாய். பங்குக்குச் சராசரியாக 200.70. நடுவிலையைவிட 0.35 சதவீதம் கூடுதல். இதே கணக்கைத்தான் என்எஸ்இ ‘இம்பேக்ட் காஸ்ட்’ என்ற பெயரில் ஒவ்வொரு பங்குக்கும் போடுகிறது. நிஃப்டி 50 குறியீட்டில் ஒரு பங்கு இடம்பெற வேண்டுமானால், 10 கோடி ரூபாய்க் கூடைக்கான சராசரி இம்பேக்ட் காஸ்ட், கடந்த ஆறு மாதங்களில் எடுத்த அளவீடுகளில் 90 சதவீதத்தில் 0.50 சதவீதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது விதி.

ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இந்த வரிசை எப்படி நின்றது என்பது பாவ்காப்பியில் இருக்காது. இருந்தாலும் போதாது. பெரிய ஆர்டரை யாரும் ஒரே வீச்சில் போடுவதில்லை. நூறு நூறாக நறுக்கி, மணிக்கணக்கில் வாங்குவார்கள். அப்போது வரிசை தானாக நிரம்பிக்கொண்டும் இருக்கும், ‘யாரோ விடாமல் வாங்குகிறார்கள்’ என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்து விலையைத் தூக்கிக்கொண்டும் இருப்பார்கள். இந்த மொத்த விளைவையும் தினசரித் தரவில் கிடைக்கும் மூன்று எண்களிலிருந்தே மதிப்பிட முடியும் என்பதுதான் இத்துறையின் பெரிய கண்டுபிடிப்பு. உங்கள் ஆர்டரின் அளவு, அந்தப் பங்கின் சராசரி தினசரி வால்யூம், அதன் ஒரு நாள் ஏற்ற இறக்கம் ஆகியவையே அந்த மூன்று.

சூத்திரம் எளியது. ஆர்டர் அளவை வால்யூமால் வகுங்கள். அதன் வர்க்கமூலத்தை எடுங்கள். ஒரு நாள் ஏற்ற இறக்கத்தால் பெருக்குங்கள். ஏற்ற இறக்கம் என்பது தினசரி விலை மாற்றச் சதவீதங்களின் திட்ட விலக்கம். முன்னால் ஒரு குணகம் வரும். Y என்று எழுதுவார்கள். அது சுமார் 1. இதனோடு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் பாதியைக் கூட்டினால் ஒரு தரப்புக்கான ஸ்லிப்பேஜ் கிடைத்துவிடும்.

ஏன் வர்க்கமூலம்? ரிச்சர்ட் கிரினோல்டும் ரொனால்ட் கானும் தங்கள் பாடநூலில் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் ஒரு பங்கில் ஒரு நாள் வால்யூமில் கால்வாசியை அவசரமாக விற்க வேண்டும். அதை மொத்தமாக வாங்கிக்கொள்ள ஒரு வியாபாரி முன்வருகிறார். வாங்கிய சரக்கைச் சந்தையின் போக்கோடு போக்காக அவர் கைமாற்றக் கால் நாள் வால்யூம் கடந்தாக வேண்டும். அந்த நேரமெல்லாம் விலை எந்தப் பக்கமும் ஆடலாம். அந்த ஆபத்துக்குத்தான் உங்களிடம் தள்ளுபடி கேட்கிறார். விலையின் ஆட்டம் காலத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை, காலத்தின் வர்க்கமூலத்தில் வளர்கிறது. கால் நாளில் விலை ஆடுவது ஒரு நாள் ஆட்டத்தில் பாதி. எனவே அவர் கேட்கும் தள்ளுபடியும் ஒரு நாள் ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய பாதி. ஒரு முழு நாள் வால்யூமையே வாங்கப் பார்த்தால் செலவு ஒரு முழு நாள் ஏற்ற இறக்கம். அமெரிக்க வர்த்தகர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கட்டை விரல் கணக்கு இது.

தரவும் இதற்குத் துணை நிற்கிறது. ராபர்ட் ஆம்கிரனும் கூட்டாளிகளும் சிட்டிகுரூப்பின் அமெரிக்கப் பங்கு ஆர்டர்களை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட கட்டுரையில், வாங்கும் வேகத்தால் வரும் உடனடிச் செலவுக்கு 0.6 அடுக்கு கிடைத்தது. வர்க்கமூலம் என்றால் அடுக்கு 0.5, அவ்வளவு தள்ளி இல்லை. அண்மையில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் யூகி சாட்டோவும் கியோஷி கனசாவாவும் டோக்கியோ பங்குச் சந்தையின் எட்டு ஆண்டுத் தரவைக் கணக்குவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதும் அடுக்கு 0.5-ஐ ஒட்டியே வந்தது. நாடு மாறினாலும், பங்கு மாறினாலும் வடிவம் மாறவில்லை. Y மட்டும் சற்று முன்பின்னாக மாறும்.

இப்போது ஒரு பேக்டெஸ்டை எடுத்து இதைப் போட்டுப் பார்ப்போம். இருபது ஸ்மால்கேப் பங்குகள், சம பங்கீடு. மாதம் ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்கும்போது பாதிப் பங்குகள் மாறுகின்றன. அதாவது மாதந்தோறும் போர்ட்ஃபோலியோவில் பாதியை விற்று, பாதிக்கு வாங்குகிறோம். இரண்டையும் கூட்டினால் மாதம் ஒரு முழு போர்ட்ஃபோலியோ மதிப்பு, ஆண்டுக்குப் பன்னிரண்டு மடங்கு. எஸ்டிடி, புரோக்கரேஜ் எல்லாம் கழித்து, ஸ்லிப்பேஜ் மட்டும் கழிக்காமல் ஆண்டுக்கு 24 சதவீதம் வருகிறது என்று வைப்போம். கணக்கு எளிதாக இருக்க, எல்லாப் பங்கும் மேலே பார்த்த பங்கைப் போலவே இருக்கட்டும். விலை 200, சராசரி வால்யூம் நாளைக்கு 1,00,000 பங்கு, அதாவது 2 கோடி ரூபாய் டர்னோவர், ஒரு நாள் ஏற்ற இறக்கம் 3 சதவீதம், பாதி இடைவெளி 0.10 சதவீதம்.

கையில் இருப்பது 20 லட்சம் என்றால் ஒரு பங்குக்கு ஒரு லட்சம், 500 பங்கு. வால்யூமில் 0.5 சதவீதம். 0.005-ன் வர்க்கமூலம் 0.07, அதை 3 சதவீதத்தால் பெருக்கினால் 0.21. இடைவெளியைக் கூட்டினால் ஒரு தரப்புக்கு 0.31 சதவீதம். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 3.7 சதவீதம் போகிறது, 20.3 மிஞ்சுகிறது. மோசமில்லை.

2 கோடி போட்டால் ஒரு பங்குக்கு 10 லட்சம், 5,000 பங்கு, வால்யூமில் 5 சதவீதம். ஒரு தரப்புக்கு 0.77 சதவீதம், ஆண்டுக்கு 9.2. மிஞ்சுவது 14.8. 10 கோடி என்றால் ஒரு பங்குக்கு 25,000 பங்கு, வால்யூமில் கால்வாசி. ஒரு தரப்புக்கு 1.6 சதவீதம், ஆண்டுக்கு 19.2. மிஞ்சுவது 4.8 சதவீதம், வங்கி டெபாசிட்டே இதைவிட மேல். நிலையாக 0.1 சதவீதம் என்று போட்டவருக்கோ 20 லட்சத்துக்கும் 10 கோடிக்கும் ஒரே விடைதான் வந்திருக்கும்: 22.8.

இந்தக் கணக்கில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. முதலீட்டை நான்கு மடங்காக்கினால் விலை நகர்வு சதவீதத்தில் இரண்டு மடங்குதான் ஆகிறது. ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். ஆனால் அந்தச் சதவீதம் நான்கு மடங்கு பணத்தின் மேல் விழுவதால், ரூபாயில் எட்டு மடங்கு போகிறது. லாபமோ ரூபாயில் நான்கு மடங்குதான் வளர்கிறது. ஒரு உத்தி எவ்வளவு பணத்தைத் தாங்கும் என்பதற்கு எல்லை இருப்பது இதனால்தான்.

தயாராகக் கிடைக்கும் மென்பொருள்களை நம்பி இதை விட்டுவிடலாமா என்றால், உள்ளே என்ன சூத்திரம் இருக்கிறது என்று பார்க்காமல் விடக் கூடாது. பைத்தானில் பலரும் பழகிய Zipline-ல் வால்யூமை வைத்துக் கணக்கிடும் VolumeShareSlippage என்ற வசதி உண்டு. பெயரைப் பார்த்தால் நம் வேலை முடிந்தது போலத் தெரியும். ஆனால் அது விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுப்பதில்லை. வர்க்கத்தை எடுத்து 0.1-ஆல் பெருக்குகிறது. ஒரு பாரின் வால்யூமில் 2.5 சதவீதத்துக்கு மேல் வாங்க விடாது என்பது அதன் இயல்பு அமைப்பு. அந்த உச்ச வரம்பு வரை வாங்கினாலும் 0.025-ன் வர்க்கம் 0.000625, 0.1-ஆல் பெருக்கினால் 0.006 சதவீதம். தினசரி பாரில் நம் ஸ்மால்கேப்புக்கு வர்க்கமூலச் சூத்திரம் இதே அளவுக்குச் சொல்வது 0.47 சதவீதம். எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். பங்கின் ஏற்ற இறக்கமும் அந்தச் சூத்திரத்தில் இடம்பெறவே இல்லை. வால்யூம் வரம்பு வைத்ததைப் பாராட்டலாம். விலை நகர்வைப் பொறுத்தவரை அதை நம்பிப் பணம் போடக் கூடாது.

சூத்திரத்தை நாமே எழுதிக்கொள்வது மூன்று வரி வேலைதான்:

```python
v = turnover.rolling(20).median().shift(1)
s = close.pct_change().rolling(60).std().shift(1)
slip = half_spread + Y * s * (order_value / v) ** 0.5
```

இந்த மூன்று வரிகளில் மூன்று முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் மாற்றினால் விடை பெரிதாக மாறும்.

முதலாவது, சராசரிக்குப் பதில் median, அதாவது இடைநிலை. நம் பங்கின் சராசரி வால்யூம் 1,00,000 என்றேன். அந்த இருபது நாளையும் விரித்துப் பார்த்தால், பத்தொன்பது நாள் தலா 40,000 பங்கு, ஒரே ஒரு நாள் 12,40,000 பங்கு என்று இருக்கலாம். கூட்டி வகுத்தால் சரியாக ஒரு லட்சம். அந்த ஒரு நாள் ஏதோ ஒரு பெரிய முதலீட்டாளர் பல்க் டீலில் கைமாற்றிய நாளாக இருக்கும். அந்த வால்யூம் உங்களுக்காக மறுபடி வரப்போவதில்லை. நீங்கள் வாங்கப்போகும் நாளில் கிடைப்பது 40,000 பங்குச் சந்தைதான். அப்போது 5,000 பங்கு என்பது 5 சதவீதம் அல்ல, 12.5 சதவீதம், ஸ்லிப்பேஜ் 0.77 அல்ல, 1.16. பெரிய பங்குகளில் சராசரிக்கும் இடைநிலைக்கும் அவ்வளவு தூரம் இருக்காது. ஸ்மால்கேப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இரண்டாவது, shift(1). வால்யூமும் ஏற்ற இறக்கமும் நேற்றோடு முடிகின்றன. இன்றைய வால்யூமை உள்ளே விடவில்லை. காரணம், பெரும்பாலான உத்திகள் வாங்கச் சொல்லும் நாளே பரபரப்பான நாள். பங்கு புதிய உச்சம் தொடுகிறது, வால்யூம் ஐந்து மடங்கு எகிறுகிறது. அன்று மாலை பார்த்தால் உங்கள் ஆர்டர் வால்யூமில் தூசு. ஆனால் காலை 9.20-க்கு ஆர்டர் போடும்போது அன்று அவ்வளவு வால்யூம் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. பேக்டெஸ்டுக்கு மட்டும் அதைத் தெரியவிட்டால், பின்னால் நடந்ததை முன்கூட்டியே பார்த்துக் கணக்குப் போட்டது போலாகும். அதைவிடக் கெடுதல், அன்று வால்யூம் வராமல் போயிருந்த நாட்களிலும் ஆர்டர் அளவை அதற்கேற்பத் தோதாகச் சுருக்கிக்கொண்டுவிடும்.

மூன்றாவது, பங்கு எண்ணிக்கைக்குப் பதில் ரூபாய் டர்னோவர். ஒரு நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் பழைய விலைகளைப் பாதியாகத் திருத்தித் தருவார்கள். வால்யூமையும் இரட்டிப்பாக்கித் திருத்தினார்களா என்பது தரவு தருபவரைப் பொறுத்தது. விலையைத் திருத்தி வால்யூமைத் திருத்தாமல் விட்டிருந்தால், கணக்கில் நீங்கள் இரண்டு மடங்கு பங்கு வாங்குவீர்கள், வால்யூம் மட்டும் பழையபடியே நிற்கும். ரூபாயில் வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. பாவ்காப்பியில் டர்னோவர் தனிப் பத்தியாகவே இருக்கிறது. ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் close மட்டும் திருத்திய விலையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் போனஸ் நாளில் 50 சதவீதச் சரிவு என்று எடுத்துக்கொண்டு s வீங்கிவிடும்.

half_spread பற்றியும் ஒரு வார்த்தை. அது பாவ்காப்பியில் நேரடியாக இருக்காது; இன்றைய மார்க்கெட் டெப்த்தை வேறு வேறு நேரங்களில் பார்த்துக் குறித்து, அதையே பழைய ஆண்டுகளுக்கும் பொருத்தலாம். ஆனால் கீழ் எல்லை ஒன்று தெரியும். விலை 5 பைசாப் படியில் மட்டுமே நகர்ந்த காலத்தில் 5 ரூபாய்ப் பங்குக்கு இடைவெளி குறைந்தது 1 சதவீதம். பாதி என்றால் அரை சதவீதம். 2024 ஜூனில்தான் 250 ரூபாய்க்குக் கீழ் உள்ள பங்குகளுக்கு என்எஸ்இ அதை 1 பைசாவாகக் குறைத்தது. பழைய தரவில் பென்னி ஸ்டாக் உத்தி அள்ளிக் கொடுக்கிறது என்றால், இந்த அரை சதவீதம் போட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சூத்திரம் எங்கே கை கொடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வால்யூமில் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் நான் இதை எச்சரிக்கையோடுதான் பார்ப்பேன். மேலே 10 கோடிக்குப் போட்ட 1.6 சதவீதம்கூட நல்லபடியாக நடந்தால் கிடைக்கும் எண்தான். ஒரு நாள் வால்யூமில் கால்வாசியை ஒரே ஆள் வாங்கினால் அது சந்தையில் எல்லோர் கண்ணிலும் படும். ஆகவே பேக்டெஸ்டில் ஒரு வரம்பு வைப்பது நல்லது: ஒரு நாளில் இடைநிலை டர்னோவரில் 5 சதவீதத்துக்கு மேல் வாங்கவோ விற்கவோ கூடாது, மிச்சம் மறுநாளுக்குப் போகட்டும். அப்படித் தள்ளிப்போட்டதில் விலை ஓடிவிட்டால் அந்த இழப்பையும் கணக்கு ஏற்க வேண்டும். பெரோல்ட் தன் கட்டுரையில் வாங்க முடியாமல் போனதன் விலையையும் செலவோடு சேர்த்தது இதற்காகத்தான்.

பெரிய ஃபண்டுகளுக்கும் இதே சிக்கல்தான். ஸ்மால்கேப், மிட்கேப் திட்டங்களில் பணம் குவிந்தபோது செபி கவலைப்பட்டு, போர்ட்ஃபோலியோவில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்று மியூச்சுவல் ஃபண்டுகள் வெளியிட வேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில் முதல் பட்டியல் வந்தது. சில திட்டங்களுக்கு அந்த விடை வாரக்கணக்கில் இருந்தது. ஆர்டர் அளவை வால்யூமால் வகுக்கும் அதே கணக்குதான் அதிலும் அடிப்படை.

வரம்பும் உதவாத இடம் சர்க்யூட். பங்கு 5 சதவீத வரம்பில் இருக்கிறது, கெட்ட செய்தி வருகிறது, திறந்ததும் லோயர் சர்க்யூட். விற்க லட்சக்கணக்கில் வரிசை, வாங்க ஆள் இல்லை. பேக்டெஸ்ட் அன்றைய முடிவு விலைக்கு உங்களை அமைதியாக வெளியேற்றிவிடும். நிஜத்தில் நீங்கள் மறுநாளும், அதற்கு மறுநாளும் அதே வரிசையில் நிற்பீர்கள். சூத்திரம் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இங்கே விலை நழுவவில்லை, விற்கவே முடியவில்லை. தரவில் இதை அடையாளம் காண ஒரு சுலப வழி: அன்றைய உயர்ந்த விலையும் தாழ்ந்த விலையும் முடிவு விலையும் ஒன்றாக இருந்து, முந்தைய நாளைவிட விலை 2, 5, 10 அல்லது 20 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தால் அது பூட்டிய நாள். அன்று விற்பனை நடக்கவில்லை என்றே எழுத வேண்டும். வாங்கும் பக்கம் அப்பர் சர்க்யூட்டிலும் இதேதான்.

‘முடிவு விலைக்கு வாங்கினேன்’ என்று எழுதுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. என்எஸ்இ-யின் பழைய தரவில் உள்ள முடிவு விலை கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை அல்ல. பிற்பகல் 3 முதல் 3.30 வரை நடந்த எல்லா வியாபாரத்துக்கும் வால்யூம் எடையிட்ட சராசரி. அந்த விலையில் வாங்க வேண்டுமானால் அந்த அரை மணி நேரம் முழுக்கப் பரவலாக வாங்கியிருக்க வேண்டும். ஆனால் முடிவு விலையைப் பார்த்து வந்த சிக்னல் உங்களுக்குத் தெரிவதே 3.30-க்குப் பிறகு. எனவே மறுநாள் வாங்கியதாகப் போடுவதே நேர்மை. அப்போதும் காலை 9.15-ன் முதல் விலையில் மொத்தமும் கிடைத்ததாகப் போடாதீர்கள். முதல் சில நிமிடங்களில் நடக்கும் வால்யூம் நாள் வால்யூமில் ஒரு துண்டுதான், இடைவெளியும் அகலமாக இருக்கும்.

இவ்வளவும் போட்ட பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். பேக்டெஸ்டில் நடந்த எல்லா வியாபாரங்களையும், ஆர்டர் வால்யூமில் எத்தனை சதவீதம் என்ற வரிசையில் அடுக்குங்கள். லாபம் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று கவனியுங்கள். ஸ்மால்கேப் உத்திகளில், மொத்த லாபத்தில் பெரும்பகுதி வால்யூமே இல்லாத ஒரு சில பங்குகளிலிருந்து வந்திருப்பதைக் காண்பது சாதாரணம். வால்யூம் இல்லாத பங்கில் விலை காகிதத்தில் எகிறும். அந்த விலைக்கு யாராலும் கணிசமாக வாங்கியிருக்க முடியாது. அந்தப் பங்குகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டும்போது உத்தி நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

Y-க்கு 1 என்று போட்டுத் தொடங்கலாம். ஆனால் கடைசியில் அது உங்கள் கணக்கிலிருந்தே வர வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும், போட முடிவெடுத்த நொடியில் இருந்த நடுவிலையையும், நிறைவேறிய சராசரி விலையையும் குறித்து வையுங்கள். வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்ததும் விற்கும்போது குறைவாகப் பெற்றதும் செலவு; எதிராக நடந்தால் அதைக் கழியுங்கள், மறைக்காதீர்கள். பாதி இடைவெளியை எடுத்துவிட்டு, மிச்சத்தை அந்தந்த ஆர்டரின் s × √(Q/V) மதிப்பால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு Y கிடைக்கும். தனித்தனியாகப் பார்த்தால் அவை தாறுமாறாக இருக்கும். நீங்கள் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சந்தை தானாக ஆடியதும் அதில் கலந்திருப்பதால், சிலவற்றில் மைனஸ்கூட வரும். பத்து ஆர்டரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகுதான் சராசரி ஓரிடத்தில் நிலைகொள்ளத் தொடங்கும். நிறைவேறாமல் போன லிமிட் ஆர்டர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விலை ஓடிப்போனதால் கிடைக்காதவற்றை விட்டுவிட்டுக் கிடைத்தவற்றை மட்டும் எண்ணினால் Y பொய்யாகக் குறைந்து தெரியும்.

அந்த எண் கையில் வந்ததும் கணக்கைத் திருப்பிப் போடலாம். நம் உத்திக்கு ஸ்லிப்பேஜுக்கு முன் 24 சதவீதம். எல்லாம் போக 12 சதவீதமாவது மிஞ்சினால்தான் இந்த மெனக்கெடல் தகும் என்று வைத்தால், ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது ஒரு தரப்புக்கு 1 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம். இடைவெளிக்கு 0.1 போனால் விலை நகர்வுக்கு 0.9. Y 1 என்றால் 0.9-ஐ 3-ஆல் வகுக்க 0.3, அதன் வர்க்கம் 0.09. வால்யூமில் 9 சதவீதம் வரை வாங்கலாம். சராசரி டர்னோவர் 2 கோடியை நம்பினால் ஒரு பங்குக்கு 18 லட்சம், இருபது பங்குக்கு 3.6 கோடி. இடைநிலையை, அதாவது 40,000 பங்கு அல்லது 80 லட்சம் ரூபாயை எடுத்தால் ஒரு பங்குக்கு 7.2 லட்சம், மொத்தம் 1.44 கோடி. உங்கள் பதிவேடு Y-ஐ 1.4 என்று காட்டினால் அதே 0.9-க்கு வால்யூமில் 4.6 சதவீதம்தான் இடம்; மொத்த முதலீடு சுமார் 73 லட்சத்தில் நிற்க வேண்டும்.